விலகல் கடிதமும் கணக்கு ஒப்படைப்பும்

விளம்பர ஏஜென்சி ஒன்று வாடிக்கையாளரிடமிருந்து விலகும்போது எழுதும் கடிதம் நான்கு செய்திகளைச் சொன்னால் போதும். விலகுகிறோம் என்பது ஒன்று. எந்தத் தேதியோடு என்பது இரண்டாவது. எந்தக் கணக்கு எந்த நாளில் யார் கைக்குப் போகும் என்பது மூன்றாவது. பணத்தில் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது நான்காவது. மற்றதெல்லாம் உபசாரம். உபசாரமும் தேவைதான், ஆனால் அதை இரண்டு வரியில் முடித்துவிடலாம். தமிழில் ‘கணக்கு’ என்ற ஒரே சொல் லாகின் கணக்கையும் குறிக்கிறது, வரவு செலவுக் கணக்கையும் குறிக்கிறது. இரண்டும் ஒரே நாளில் தீருவதில்லை. விலகலில் வரும் மனக்கசப்பில் பெரும்பகுதி, ஒன்றை மற்றொன்றோடு முடிச்சுப் போடுவதால் வருவது.

இந்த அத்தியாயம் ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறது. வாடிக்கையாளர் சுந்தரபாண்டியபுரத்தில் வயலோரம் ஆறு அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதியின் உரிமையாளர். ஏஜென்சி தென்காசியில் மூன்று பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகம். விடுதியின் இணையதளம், கூகுள் மேப் பதிவு, ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம், விளம்பரம் ஆகியவற்றை இரண்டரை ஆண்டுகளாக அது பார்த்துவந்திருக்கிறது. மாதக் கட்டணம் 18,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. ஒப்பந்தத்தில் 30 நாள் முன்னறிவிப்பு என்று எழுதியிருக்கிறது. விடுதியும் ஏஜென்சியும் கற்பனை. அவற்றைச் சுற்றியுள்ள ஊர், பருவம், சட்டம், கணக்குகளின் விதிகள் எல்லாம் உள்ளவை.

தேதியைத் தேர்வது

முதல் கேள்வி, கடிதம் எப்போது போக வேண்டும் என்பது. ஒப்பந்தத்தில் 30 நாள் இருக்கிறது என்பதற்காக எந்த 30 நாளும் சரியாகிவிடாது. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூப்பது ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். வயலுக்குள் நின்று படம் எடுத்துக்கொள்ள கேரளத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். குற்றாலத்தில் சீசன் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை. சாரலும் அருவித் தண்ணீரும் சேர்ந்திருக்கும் அந்த மூன்று மாதத்தில்தான் இந்த வட்டாரத்து விடுதிகள் ஆண்டின் பெரும்பகுதி வருமானத்தைப் பார்க்கின்றன. அது ஓய்ந்த பிறகு, கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் குற்றாலத்தில் குளித்துவிட்டுச் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகப் போவார்கள். அது நவம்பர் நடுவில் தொடங்கித் தை வரை நீளும் இரண்டாவது கூட்டம்.

இந்த இரண்டுக்கும் நடுவே செப்டம்பரும் அக்டோபரும் இருக்கின்றன. விலகுவதற்கு ஏற்ற காலம் அதுதான். அதற்கு அடுத்தது பிப்ரவரி, மார்ச். மே மாதம் 5-ம் தேதி விலகல் கடிதம் தருவது ஒப்பந்தப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் புது ஏஜென்சியைத் தேடி, கணக்குகளை வாங்கி, விளம்பரத்தை மறுபடி ஓடவிடுவதற்குள் பூவும் வாடி, அருவியும் அடங்கிவிடும். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதைப் பொதுவாகவே சொல்லிவைத்திருக்கிறது. முகவர் தன் பொறுப்பைத் துறப்பதானால் நியாயமான முன்னறிவிப்பு தர வேண்டும், தராவிட்டால் அதனால் வரும் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும் என்பது 206-ம் பிரிவு. குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் இருக்கும்போது தக்க காரணமின்றி இடையில் விலகினால் இழப்பீடு என்பது 205-ம் பிரிவு. வாடிக்கையாளர் சார்பில் விளம்பரத்துக்குப் பணம் செலவிடும் ஏஜென்சி அந்த அளவுக்கு முகவராகவே நிற்கிறது. அதனால் ஒப்பந்தத்தில் காலம் எழுதப்படாமல் இருந்தாலும் ‘நாளையிலிருந்து வர மாட்டோம்’ என்று சொல்ல இடமில்லை.

எடுத்துக்காட்டு ஏஜென்சி செப்டம்பர் 10 அன்று கடிதம் கொடுத்து, அக்டோபர் 31-ஐக் கடைசி நாளாக வைக்கிறது. ஒப்பந்தம் கேட்பதைவிட மூன்று வாரம் கூடுதல். அந்த மூன்று வாரம் பெருந்தன்மைக்காகக் கொடுத்ததில்லை. கணக்குகள் கைமாறுவதற்கு உண்மையிலேயே அவ்வளவு நாள் பிடிக்கிறது. ஏன் என்பது கீழே வரும். தீபாவளி எந்த வாரத்தில் விழுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் கடைசியில் விழுந்தால் விடுமுறைக் கூட்டம் இருக்கும், உரிமையாளருக்குத் தொலைபேசியை எடுக்கவே நேரம் இருக்காது. அந்த ஆண்டில் ஒப்படைப்பை 15-ம் தேதிக்குள் முடித்துவிடுவது நல்லது.

இன்னொன்று, இந்த வட்டாரத்துக்கே உரியது. இரண்டரை ஆண்டு பழகியவருக்கு முதல் செய்தி கடிதமாகப் போகக் கூடாது. நேரில் போய், ‘அண்ணாச்சி, ஒரு விஷயம் சொல்லணும்’ என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிட்டு, மறுநாள் கடிதம் கொடுப்பதுதான் முறை. தென்காசியில் தபாலில் மட்டும் வரும் விலகலை அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். நேரில் சொன்னதோடு நிறுத்திக்கொள்வதும் தவறு. முன்னறிவிப்பு நாட்கள் எழுத்து கைக்குப் போன தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.

காரணத்தை எழுதுவது

கடிதத்தில் மிகச் சிரமமான வரி இதுதான். ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று எழுதுவது வழக்கம். அதைப் படிப்பவர் உடனே காரணத்தைத் தேடத் தொடங்குவார். தன் எதிர் விடுதிக்காரர் ஏஜென்சியை வளைத்துவிட்டாரோ என்பதுதான் முதல் சந்தேகமாக வரும். உண்மையான காரணம் ஒன்றை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவது மேல். அது ஏஜென்சியின் பக்கத்துக் காரணமாக இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் குறையை இங்கே சொல்லக் கூடாது.

உண்மையில் குறை வாடிக்கையாளரிடம்தான் என்றால்? பணம் எப்போதும் தாமதம், இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி ‘இப்பவே போடுங்க’ என்பது, இவைதான் காரணம் என்றால்? அப்போதும் பொய் சொல்ல வேண்டியதில்லை. ‘இந்த வேலைக்கு வேண்டிய அளவு ஆட்களை எங்களால் ஒதுக்க முடியவில்லை’ என்பது உண்மைதான். இரவு பதினொரு மணிக்கு ஆள் வைக்க முடியாததும் அதில் அடக்கம். குறைகளைப் பட்டியலிட்டால் மூன்றுக்கு மறுப்பு வரும், ஒன்றுக்கு மன்னிப்பு வரும், விலகல் பேச்சுவார்த்தையாக மாறிவிடும். ‘இந்தக் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை’ என்ற வரிக்கும் இதே கதிதான். அதைப் படிப்பவர் ‘எவ்வளவு வேணும்?’ என்று கேட்பார். கட்டணத்தை உயர்த்துவதுதான் நோக்கம் என்றால் அதற்கு வேறு கடிதம் எழுத வேண்டும். விலகுவதாக மிரட்டிக் கட்டணம் கூட்டும் ஏஜென்சியின் அடுத்த விலகல் கடிதத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

நன்றி சொல்லும்போது பொதுவாகச் சொல்லாமல் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். ‘தங்கள் மேலான ஆதரவுக்கு நன்றி’ என்பது கல்யாணப் பத்திரிகையின் அடியில் இருக்கும் வரி. ‘முதல் சீசனில் எங்களை நம்பி வயலையும் அறைகளையும் இரண்டு நாள் படமெடுக்கத் திறந்துவிட்டீர்கள்’ என்பது அந்த ஒருவருக்கு மட்டுமே எழுதக்கூடிய வரி.

கூகுள் மேப் பதிவு

கைமாற வேண்டியவற்றில் ஊர் விடுதிக்கு மிக முக்கியமானது இது. சூரியகாந்தி பார்க்க வந்தவர் வயலோரம் வண்டியை நிறுத்திக்கொண்டு, கைபேசியில் பக்கத்தில் தங்க இடம் தேடும்போது கண்ணில் படுவது இணையதளமல்ல, மேப்பில் உள்ள பெயரும் நட்சத்திரமும்தான். இரண்டரை ஆண்டில் விருந்தினர்கள் எழுதிய மதிப்புரைகளும் போட்ட படங்களும் அந்தப் பதிவோடுதான் ஒட்டியிருக்கின்றன. ‘புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுக்கலாம்’ என்று விட்டுவிட்டால் அவை புதிய பதிவுக்குத் தானாக வந்து சேராது.

மேப் பதிவில் Primary owner, Owner, Manager என்று மூன்று நிலைகள் உண்டு. பதிவைத் தொடங்கியது ஏஜென்சி என்றால் அதன் மின்னஞ்சல்தான் Primary owner ஆக இருக்கும், உரிமையாளர் பெயர் அதில் இல்லாமலேகூட இருக்கும். ஒப்படைப்பில் முதல் வேலை, Business Profile settings-க்குள் People and access பக்கத்தில் உரிமையாளரின் சொந்த மின்னஞ்சலை Owner ஆகச் சேர்ப்பது. அவர் தன் கைபேசியில் வரும் அழைப்பை ஏற்க வேண்டும். ஏற்ற பிறகும் ஏழு நாள் பொறுக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவரை Primary owner ஆக்குவதற்கும், அவர் மற்றவர்களை நீக்குவதற்கும் கூகுள் அந்த ஏழு நாளும் இடம் தருவதில்லை. கடைசி நாளன்று உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று இருக்கும் ஏஜென்சிகள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன.

எடுத்துக்காட்டில் செப்டம்பர் 15 அன்று உரிமையாளர் சேர்க்கப்படுகிறார். 23 அன்று Primary owner நிலை அவருக்கு மாற்றப்படுகிறது. அக்டோபர் 31 வரை ஏஜென்சி Manager ஆக இருந்துவிட்டு, பிறகு தன் பெயரை எடுத்துவிடும். Primary owner ஆக இருப்பவர் அந்த நிலையை இன்னொருவருக்குக் கொடுக்காமல் வெளியேற முடியாது என்பதால் இந்த வரிசையை மாற்ற வழியில்லை.

இங்கே ஒரு விபத்து நடப்பதுண்டு. அதே அமைப்புப் பக்கத்தில் Remove Business Profile என்ற தெரிவும் இருக்கிறது. ‘நம்ம பேரை எடுத்துடு’ என்று சொல்லப்பட்ட புதுப் பையன் அதை அழுத்திவிடுவான். தன்னை நீக்குவது வேறு, பதிவை நீக்குவது வேறு. இந்த வேலையைப் பொறுப்பில் உள்ளவரே செய்வதும், உரிமையாளர் பக்கத்தில் இருக்கும்போது செய்வதும் நல்லது. பதிவில் உள்ள தொலைபேசி எண் யாருடையது என்பதையும் அன்றே பார்க்க வேண்டும். விசாரிப்பு அழைப்புகளைத் தானே எடுத்துவந்த ஏஜென்சி தன் சிம் எண்ணைக் கொடுத்திருக்கும். அது மாறாவிட்டால் அடுத்த ஜூலையிலும் ‘ரூம் இருக்கா?’ என்ற கேள்வி ஏஜென்சிக்கே வந்துகொண்டிருக்கும்.

டொமைன்

இணையதளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பெரும்பாலான உரிமையாளர்கள் அறியமாட்டார்கள். பணம் கட்டியது தாங்கள் என்பதால் தங்களுடையதுதான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஏஜென்சி தன் கணக்கில் இருபது வாடிக்கையாளர்களின் டொமைன்களையும் சேர்த்து வாங்கி வைத்திருக்கும், பதிவுதாரர் இடத்தில் தன் பெயரே இருக்கும். விலகும்போது இதைச் சொல்லாமல் விட்டால் ஒன்றும் தெரியாது. புதுப்பிக்கும் தேதி வரும்போதுதான் தெரியும். நினைவூட்டும் அஞ்சல் ஏஜென்சிக்குப் போகும், ஏஜென்சி அதை விளம்பர அஞ்சலோடு சேர்த்து அழித்துவிடும், ஒருநாள் காலையில் தளம் திறக்காது. அந்த டொமைனில் மின்னஞ்சலும் இருந்தால் அதுவும் அன்றே நின்றுபோகும்.

டொமைனை மாற்ற இரண்டு வழிகள் உள்ளன. டொமைன் வாங்கிய அதே நிறுவனத்தில் உரிமையாளர் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, ஏஜென்சியின் கணக்கிலிருந்து அதற்குத் தள்ளிவிடுவது ஒன்று. இது பெரும்பாலும் ஒரே நாளில் முடியும். வேறு நிறுவனத்துக்கே மாற்றுவது மற்றொன்று. அதற்குப் பூட்டைத் திறந்து, மாற்றக் குறியீட்டை வாங்கிக் கொடுக்க வேண்டும். டாட் காம் பெயர்கள் பதிவாகியோ நிறுவனம் மாறியோ 60 நாள் ஆகாவிட்டால் பொதுவாக மாறாது. விலகல் காலத்தில் முதல் வழியே போதும். நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் உரிமையாளர் பிறகு நிதானமாக மாற்றிக்கொள்ளட்டும். எந்த வழியானாலும் கடிதத்தில் காலாவதித் தேதி எழுதப்பட வேண்டும். அது மூன்று மாதத்துக்குள் வருகிறது என்றால் ஏஜென்சியே ஓராண்டுக்குப் புதுப்பித்துவிட்டு, அந்தத் தொகையைக் கடைசி பில்லில் காட்டுவது உத்தமம்.

மற்றவை எளியவை. ஃபேஸ்புக் பக்கம் ஏஜென்சியின் வணிகக் கணக்குக்குள் இருந்தால், முதலில் உரிமையாளருக்கு Full control கொடுத்து, அவர் உள்ளே போய் வந்ததைப் பார்த்த பிறகே பக்கத்தை அந்த வணிகக் கணக்கிலிருந்து விடுவிக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் மின்னஞ்சல், தொலைபேசி, இரட்டைச் சரிபார்ப்பு மூன்றும் மாற வேண்டும். இரண்டை மாற்றிவிட்டு மூன்றாவதை மறந்தால் ஓடிபி ஏஜென்சிக்கே வரும். அறை பதிவு செய்யும் தளங்களில் வங்கிக் கணக்கு எண் யாருடையது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஏஜென்சியின் பெயரிலுள்ள ஃபேஸ்புக் விளம்பரக் கணக்கு மட்டும் கைமாறாது. அதிலுள்ள அறிக்கைகளை இறக்கிக் கொடுப்பதோடு சரி. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், மறைப்பதாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

பாஸ்வேர்டுகளைக் கடிதத்தில் எழுதக் கூடாது. கடிதம் கோப்பில் இருக்கும், கணக்கர் பார்ப்பார், படமெடுத்து யாருக்காவது அனுப்புவார். எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் உரிமையாளரின் மின்னஞ்சலை உள்ளே சேர்த்துவிட்டு ஏஜென்சி வெளியேற வேண்டும். பாஸ்வேர்டு மட்டுமே உள்ள கணக்குகளில், உரிமையாளர் தன் கையால் புதியதை அடித்து மாற்றிக்கொள்ள வேண்டும். புதிய பாஸ்வேர்டு ஏஜென்சிக்குத் தெரியாமல் இருப்பது ஏஜென்சிக்குத்தான் பாதுகாப்பு. ஆறு மாதம் கழித்து ஏதாவது அழிந்துபோனால் அதன்மேல் கை நீளாது.

படங்களும் எழுத்தும்

இதில் சட்டம் பலர் நினைப்பதற்கு மாறாக இருக்கிறது. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17-ம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் திரைப்படத்துக்கும் அவரே முதல் உரிமையாளர். ஆகவே சூரியகாந்தி வயலின் படங்களும் வீடியோவும் விடுதிக்காரருடையவை. ஆனால் இணையதளத்தில் எழுதிய வாசகங்களுக்கும் நிரல்வரிகளுக்கும் அந்த விதி இல்லை. எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுத்தால்தான் அவை வாடிக்கையாளருக்குப் போகும். மாற்றிக் கொடுக்கும்போதும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-ம் பிரிவு கொள்கிறது. அதனால்தான் கீழே உள்ள மாதிரிக் கடிதத்தில் ‘பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்’ என்ற சொற்கள் இருக்கின்றன. அவை அலங்காரத்துக்காக வந்தவையல்ல.

விருந்தினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதார் நகல்கள் ஏஜென்சியின் கைபேசியிலோ கணினியிலோ கிடந்தால், விடுதிக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டு மற்றதை அழிக்க வேண்டும். அழித்ததைக் கடிதத்தோடு உள்ள இணைப்பில் ஒரு வரியாக எழுத வேண்டும். வேலை முடிந்த பிறகு அவற்றை வைத்திருக்க ஏஜென்சிக்கு எந்தக் காரணமும் இல்லை.

பணக் கணக்கு

சீசனுக்கு முன் விடுதிக்காரர் விளம்பரத்துக்காக 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறார். அக்டோபர் 15 அன்று விளம்பரம் நிறுத்தப்படுகிறது. செலவு 31,460 ரூபாய். மீதி 8,540. மறுபுறம் செப்டம்பர், அக்டோபர் கட்டணம் வர வேண்டும். மாதத்துக்கு 18,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 3,240, ஆக 21,240. இரண்டு மாதத்துக்கு 42,480 ரூபாய்.

8,540-ஐக் கழித்துக்கொண்டு 33,940 கொடுங்கள் என்று எழுதுவதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். அப்படி எழுதாமல் இருப்பதே நல்லது. முன்பணம் வாடிக்கையாளரின் பணம், ஏஜென்சி அதை வைத்திருந்தது மட்டுமே. கட்டணம் ஏஜென்சியின் வருமானம், அதற்கு வரி பில் உண்டு. இரண்டையும் ஒரே எண்ணில் கலந்தால் வாடிக்கையாளரின் கணக்கர் எந்த பில்லுக்கு எவ்வளவு வந்தது என்று குழம்புவார். டிடிஎஸ் பிடிப்பவராக இருந்தால் ஜிஎஸ்டி நீங்கலான கட்டணத்தின் மேல் பிடிக்க வேண்டியதை எதன்மேல் பிடிப்பது என்று தெரியாமல் நிற்பார். மீதியைத் தனியாக, முதலில், ரசீதோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கேட்கும்போது கணக்குக் காட்டுவது முகவரின் கடமை என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 213-ம் பிரிவு. கேட்பதற்கு முன்பே காட்டிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை.

விளம்பரம் நின்ற அன்றே கணக்கை முடிக்க முடியாது. தானாகப் பணம் எடுக்கும் கூகுள் விளம்பரக் கணக்கில் மீதிச் செலவு அடுத்த மாதம் முதல் தேதி எடுக்கப்படும். ஆகவே இறுதிக் கணக்கு நவம்பர் 5 என்று கடிதத்தில் போடுவது சரி. அக்டோபர் 31 என்று போட்டுவிட்டு, பிறகு 600 ரூபாய் கூடுதலாக வந்தது என்று சொன்னால் மற்ற எண்களின் மேலும் சந்தேகம் விழும்.

கட்டணம் வராவிட்டால் லாகினைக் கொடுக்காமல் வைத்திருக்கலாமா? சிலர் 221-ம் பிரிவைக் காட்டுவார்கள். முகவர் தன் பாக்கி தீரும்வரை தன்னிடம் வந்த பொருளையும் ஆவணங்களையும் நிறுத்திவைக்கலாம் என்று அது சொல்கிறது. அந்த உரிமை அந்தப் பொருள் தொடர்பான பாக்கிக்கு மட்டும்தான். ஒரு மேப் பதிவையோ டொமைனையோ அதன்கீழ் கொண்டுவர முடியுமா என்பதும் வாதத்துக்கு உரியது. 42,480 ரூபாய்க்காக ஒருவரின் சீசனைப் பூட்டிவைத்தால் எதிர்வழக்கு அதைவிடப் பெரிதாக வரும். உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனமாக இருந்தால் 2006-ம் ஆண்டுச் சட்டப்படி பணம் அதிகபட்சம் 45 நாளில் வர வேண்டும். தாமதத்துக்கு வட்டி உண்டு, புகாருக்குத் தனி மன்றமும் உண்டு. பாக்கிக்கு அதுதான் வழி.

மாதிரிக் கடிதம்

தேதி: செப்டம்பர் 10

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நேற்று நேரில் சொன்னதை எழுத்தில் உறுதிசெய்கிறோம். தங்கள் விடுதிக்காக நாங்கள் செய்துவரும் இணைய விளம்பரப் பணியை அக்டோபர் 31-ம் தேதியோடு நிறைவு செய்கிறோம். அடுத்த ஆண்டு முதல் எங்கள் அலுவலகம் கடைகளுக்கான வேலையை மட்டும் எடுத்துக்கொள்ள முடிவுசெய்திருக்கிறது. தங்கும் விடுதிக்குச் சீசனில் வேண்டிய அளவு ஆட்களை எங்களால் இனி ஒதுக்க இயலாது.

முதல் சீசனில், நாங்கள் புதியவர்கள் என்று தெரிந்தும், வயலையும் அறைகளையும் இரண்டு நாள் எங்களுக்குத் திறந்துவிட்டீர்கள். அந்தப் படங்களைக் காட்டித்தான் அடுத்த மூன்று வேலைகள் எங்களுக்குக் கிடைத்தன. அதை மறக்க மாட்டோம்.

கணக்குகள் ஒவ்வொன்றும் தங்கள் பெயருக்கு மாறும் தேதி இணைப்பில் உள்ளது. மேப் பதிவுக்கான அழைப்பு செப்டம்பர் 15 அன்று தங்கள் மின்னஞ்சலுக்கு வரும். அதை அன்றே ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம், அதிலிருந்து ஏழு நாள் கழித்துத்தான் முழு உரிமையை மாற்ற முடியும். அக்டோபர் 31 வரை வழக்கமான வேலைகள் குறைவின்றி நடக்கும். விளம்பரம் மட்டும் அக்டோபர் 15 அன்று நிற்கும்.

படங்களும் வீடியோக்களும் தங்களுக்கே உரியவை. இணையதளத்துக்காக நாங்கள் எழுதிய வாசகங்கள், நிரல்வரிகள் ஆகியவற்றின் பதிப்புரிமையை, பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் உலகம் முழுவதற்கும், அக்டோபர் 31 முதல் தங்களுக்கு மாற்றித் தருகிறோம்.

விளம்பர முன்பணத்தின் கணக்கும் மீதித் தொகையும் நவம்பர் 5-க்குள் தங்களுக்கு வந்துசேரும். செப்டம்பர், அக்டோபர் மாதக் கட்டணங்களுக்கான பில் தனியாக வரும்.

வேறு ஏஜென்சியைத் தாங்கள் அமர்த்தினால், அவர்களுக்கு ஒருமுறை நேரில் எல்லாவற்றையும் விளக்க வருகிறோம். நவம்பர் 30 வரை சந்தேகங்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்வோம்.

இப்படிக்கு,
(கையெழுத்து)

‘நவம்பர் 30 வரை’ என்ற வரையறை இல்லாமல் ‘எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்’ என்று எழுதினால், விலகல் நடக்கவே நடக்காது. கட்டணம் மட்டும் நின்றுபோகும். பதிப்புரிமையை மாற்றும் வரி இருப்பதால் கடிதம் கையெழுத்தோடு காகிதத்தில் போக வேண்டும், வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் போதாது.

இணைப்பு ஒரு பக்கத்துக்கு மேல் போகத் தேவையில்லை. ஒவ்வொரு வரியிலும் கணக்கின் பெயர், இப்போது யார் கையில், யாருக்கு மாறுகிறது, எந்தத் தேதி, உரிமையாளரின் கையெழுத்து. எடுத்துக்காட்டில் அது இப்படிப் போகும்: மேப் பதிவு, செப்டம்பர் 23, டொமைன், செப்டம்பர் 30, காலாவதித் தேதியோடு, ஃபேஸ்புக் பக்கமும் இன்ஸ்டாகிராமும், அக்டோபர் 10, அறைப் பதிவுத் தளங்கள், அக்டோபர் 12, விருந்தினர் ஆவணங்கள் அழிப்பு, அக்டோபர் 31.

கையெழுத்து வாங்குவதற்கு முன் உரிமையாளரின் கைபேசியில், அவருடைய மின்னஞ்சலில், ஏஜென்சி ஆள் தொடாமல், அவரே உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். மேப் பதிவில் தன் பெயருக்கு எதிரே Primary owner என்று இருக்கிறதா, டொமைன் கணக்கில் காலாவதித் தேதி தெரிகிறதா, ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு படம் போட முடிகிறதா என்று பார்த்தால் ஒப்படைப்பு நடந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். ‘மாத்திட்டோம்’ என்ற வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்துப் போட்டால், மாறாதது ஏதோ ஒன்று அடுத்த சீசனில் வெளிவரும். வயதான உரிமையாளர்கள் பலர் மகனின் மின்னஞ்சலைக் கொடுப்பார்கள். மகன் துபாயில் இருந்தால் ஓடிபி அங்கே போகும் என்பதைச் சொல்லி, ஊரில் இருப்பவர் ஒருவரின் மின்னஞ்சலையும் சேர்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 31 மாலை ஏஜென்சி தன் பெயரை ஒவ்வொரு கணக்கிலிருந்தும் நீக்குகிறது. இணையதளத்தில் கூகுள் சரிபார்ப்புக்காக வைத்த கோப்பு ஒன்று கிடக்கும். அதை எடுக்காவிட்டால் பெயரை நீக்கிய பிறகும் ஏஜென்சியால் மறுபடி Search Console-க்குள் உரிமையாளராக நுழைய முடியும். ஆகவே அதையும் எடுத்துவிட வேண்டும். நவம்பர் 5 அன்று செலவுக் கணக்கும் 8,540 ரூபாயும் போகின்றன. முதல் தேதி ஏதேனும் எடுக்கப்பட்டிருந்தால் அது கழித்த தொகை போகும். கையெழுத்தான இணைப்பின் நகல் ஒன்று விடுதிக்கும், ஒன்று ஏஜென்சியின் கோப்புக்கும்.